முதல் பார்வையிலேயே வாசிக்கக்கூடிய லீட் ஷீட்: கார்டு குறியீடுகளைப் படிக்கவும் எழுதவும் ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரியில் வார இறுதியில் வாசிக்கும் குழுக்களில் பல அன்றைக்கு மட்டும் சேர்ந்தவை. கீபோர்டு உள்ளூர்க்காரர், பேஸ் கிடார் கடலூரிலிருந்து, டிரம்பெட் தேவாலயத் திருவிழா பேண்டில் வாசிப்பவர், பாடகி எல்லோருக்கும் புதியவர். ஒத்திகைக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஜூன் 21 இசை நாளில் அதுவும் கிடைக்காது. இந்த நிலையில் குழுவைச் சேர்த்து வைப்பது ஒரு தாள்: மேலே கார்டு குறியீடு, நடுவில் ஸ்டாஃபில் மெட்டு, கீழே பாட்டு வரி. அதுதான் லீட் ஷீட்.

வரிகளுக்கு மேல் கார்டு பெயரை மட்டும் எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பாட்டை ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவருக்கு எந்த அடியில் கார்டு மாறுகிறது, ஒரு பார் எவ்வளவு நீளம் என்பது அதில் இல்லை. லீட் ஷீட் அந்த இரண்டையும் சொல்லிவிட்டு, கார்டின் ஸ்வரங்களை எந்த அடுக்கில், எந்தத் தாளக்கட்டில் வாசிப்பது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது.

குறியீட்டைப் படிப்பது

எவ்வளவு நீளமான குறியீடாக இருந்தாலும் இடமிருந்து வலமாக ஒரே ஒழுங்கில்தான் இருக்கும். முதலில் ரூட், அதாவது கார்டின் பெயர் எழுத்து. அதை ஒட்டி ஷார்ப்போ ஃப்ளாட்டோ இருந்தால் அது ரூட்டுக்கே உரியது. அடுத்து மைனர் போன்ற வகை, பிறகு எண், பிறகு அடைப்புக்குறிக்குள் மாற்றங்கள். கடைசியில் சாய்கோடு இருந்தால் அதற்குப் பின்னால் வருவது பேஸ் வாசிக்கவேண்டிய ஸ்வரம்.

கர்நாடக ஸ்வரம் தெரிந்தவர்களுக்கு ஒரு நேர்வழி உண்டு. எந்தக் கார்டானாலும் அதன் ரூட்டை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் C என்றால் ச, அந்தர காந்தாரம், பஞ்சமம். Cm என்றால் அந்தரத்துக்குப் பதில் சாதாரண காந்தாரம். C7 என்றால் மேஜர் கார்டோடு கைசிகி நிஷாதம், அதாவது Bb. Cmaj7 என்றால் காகலி நிஷாதம், அதாவது B.

மிக அதிகமாகப் பிழை வருவது இங்கேதான். சின்ன m காந்தாரத்தை மட்டும் மாற்றும், நிஷாதத்தைத் தொடாது. maj நிஷாதத்தை மட்டும் மாற்றும், காந்தாரத்தைத் தொடாது. எதுவும் சொல்லாத 7 எப்போதுமே கைசிகிதான். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் Cm7, Cm(maj7) இரண்டும் தாமாகவே விரியும். முன்னதில் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும். பின்னதில் சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும்.

எண் 9 ஆனால் சதுஸ்ருதி ரிஷபம் சேரும், 13 ஆனால் சதுஸ்ருதி தைவதம் சேரும். கவனிக்கவேண்டியது, C9 என்றால் இடையில் இருக்கும் கைசிகி நிஷாதமும் அதில் அடக்கம். நிஷாதம் வேண்டாம், ரிஷபம் மட்டும் போதும் என்றால் Cadd9 என்று எழுதவேண்டும். C6-இல் நிஷாதம் கிடையாது, தைவதம் மட்டும். Cm6 ஆனாலும் அதே சதுஸ்ருதி தைவதம்தான். மைனர் என்பதால் அது இறங்காது. sus4 என்றால் காந்தாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுத்த மத்யமம். b5 என்றால் பஞ்சமம் போய் அரை ஸ்வரம் கீழே, அதாவது பிரதி மத்யமத்தின் இடம். b9 என்றால் சுத்த ரிஷபம்.

எல்லாக் கார்டுக்கும் அந்தந்த ரூட்தான் ச. G7-இல் ச என்பது G, அதனால் அதன் கைசிகி நிஷாதம் F. பாட்டின் ஸ்ருதியை வைத்துக் கணக்குப் போட்டால் கார்டு முழுக்கத் தப்பாகிவிடும்.

எழுதும்போது குழப்பம் வரும் இடங்கள்

ஒரே கார்டை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். Cmaj7, CM7, C-யோடு ஒரு முக்கோணம், மூன்றும் ஒன்றே. Cm7, Cmi7, C-7, இவையும் ஒன்றே. படிக்கும்போது எல்லாம் தெரிந்திருக்கவேண்டும், எழுதும்போது ஒன்றையே பிடிக்கவேண்டும். CM7 கையெழுத்துக்கு ஆகாது. வெளிச்சம் குறைந்த மேடையில் பெரிய M-க்கும் சின்ன m-க்கும் வித்தியாசம் தெரியாது, ஒருவர் மேஜரும் இன்னொருவர் மைனரும் வாசிப்பார்கள். maj என்று மூன்று எழுத்தாகவே எழுதுங்கள். கழித்தல் குறியும் அப்படித்தான். C-9 என்பதை மைனர் ஒன்பது என்று படிப்பவரும் உண்டு, ஃப்ளாட் ஒன்பது என்று படிப்பவரும் உண்டு.

Eb9 என்று எழுதினால் ரூட் Eb, அதன்மேல் 9. நீங்கள் நினைத்தது E ரூட்டும் ஃப்ளாட் ஒன்பதும் என்றால் E7(b9) என்று அடைப்புக்குறியோடு எழுதினால்தான் பிழைக்கும். கையால் எழுதும் ஃப்ளாட்டின் வயிறு உருண்டுவிட்டால் அது 6 போலத் தெரியும்; Bb என்பது B6 ஆகிவிடும். ஃப்ளாட்டைச் சற்று மேலே தூக்கி, அடி கூர்மையாக வரும்படி போடுங்கள்.

A#, Bb இரண்டும் கீபோர்டில் ஒரே கட்டைதான். அதற்காக F மேஜர் பாட்டில் A# எழுதக்கூடாது. F-இன் கீ சிக்னேச்சரிலேயே Bb இருக்கிறது. மெட்டு Bb என்று சொல்லும்போது கார்டு A# என்று சொன்னால், தாளைப் பார்த்து வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்குவார்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு முறையில் கற்றவர்கள் C-யை ‘தோ’ என்றும் B-யை ‘சி’ என்றும் சொல்வார்கள். ஒத்திகையில் ஒருவர் ‘சி’ என்று குரல் கொடுத்தால் அது ஆங்கில எழுத்தா பிரெஞ்சு ஸ்வரமா என்று தெரியாது. ‘பார் ஐந்து, F கார்டுக்கு ஐந்தாவது ஸ்வரம்’ என்று தாளைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு பாட்டை எடுத்து எழுதுவோம்

F மேஜரில், நம் கணக்கில் 4 கட்டையில், நாலு அடித் தாளத்தில் ஓர் எட்டு பார் பகுதி. மெட்டு இது. ஏழாவது பாரில் F, E இரண்டும் ஒவ்வோர் அடி, எட்டாவது பாரில் F முழு நாலு அடி, மற்ற ஸ்வரங்கள் எல்லாம் இரண்டிரண்டு அடி.

```
| A  C | Bb G | C  Eb | D  Bb |
| A  C | D  Db | C  F E | F   |
```

முதல் வேலை பேஸ். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவதானால் பேஸ் கிடாரை மட்டும் காதில் வாங்கி, ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் மூன்றாவது அடியிலும் என்ன ஸ்வரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டில் ஐந்தாம் பாரிலிருந்து பேஸ் F, A, Bb, Bb, C, C, F என்று படிப்படியாக ஏறிக் கடைசியில் F-இல் வந்து அமர்கிறது.

இரண்டாவது, காந்தாரமும் நிஷாதமும். ரூட்டைக் கீபோர்டில் பிடித்துக்கொண்டு சாதாரணம், அந்தரம் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒன்று உட்காரும், மற்றது உறுத்தும். பிறகு அதேபோல நிஷாதம். பஞ்சமத்தைத் தேடிக் காதை வருத்தவேண்டாம், b5 போலப் பஞ்சமமே மாறும் கார்டு தவிர அது கார்டின் குணத்தை மாற்றாது.

மூன்றாவது, மெட்டோடு பொருத்திப் பார்ப்பது. கிடைப்பது இது:

```
| Fmaj7       | Gm7    C7   | Am7     D7(b9) | Gm7     C7    |
| Fmaj7  F7/A | Bbmaj7 Bbm6 | F/C / C7sus4 C7 | F6           |
```

இதில் நாலு இடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம்.

மூன்றாம் பாரில் D7 மேல் மெட்டு Eb-இல் இரண்டு அடி நிற்கிறது. D-யை ச என்று வைத்தால் அது சுத்த ரிஷபம். அதனால்தான் (b9). இதைக் குறிக்காமல் D7 என்று விட்டால், ஜாஸ் பழக்கமுள்ள கீபோர்டுக்காரர் தன் விருப்பத்துக்கு D9 வாசிக்கலாம். அதில் E இருக்கிறது, பாடகியின் Eb-யோடு நேராக மோதும். மெட்டில் இருக்கும் மாற்றத்தைக் கார்டில் எழுதியே ஆகவேண்டும். மெட்டில் இல்லாத அலங்காரத்தை எழுதாமல் விடலாம்.

ஐந்தாம் பாரின் F7/A. அந்தச் சாய்கோடு இல்லாவிட்டால் பேஸ் F-இலேயே நிற்கும், Bb-க்கு ஏறும் வரிசை போய்விடும். கிடார்காரர் அங்கே வெறும் F7 பிடித்தாலும் குறையில்லை, கீழே A இருக்கவேண்டியது பேஸ் கிடாரில்தான்.

ஏழாம் பாரில் மூன்றாம் அடியில் மெட்டு F. அங்கே C7 போட்டால் கார்டுக்குள் இருக்கும் E, மெட்டின் F-ஓடு அரை ஸ்வர இடைவெளியில் உரசும். அதனால் மூன்றாம் அடி C7sus4. நாலாம் அடியில் மெட்டு E-க்கு இறங்கும்போது கார்டும் C7 ஆகிறது. ஒரு பாரில் மூன்று கார்டு வருவதால் இடம் விட்டு எழுதினால் மட்டும் போதாது, இரண்டாம் அடிக்கு ஒரு சாய்கோடு போட்டு அடிக்கணக்கைக் காட்டவேண்டும். ஒரு பாரில் இரண்டு கார்டு இருந்தால் முதலும் மூன்றும் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வேறு எந்தப் பங்கீடானாலும் சாய்கோடு தேவை.

எட்டாம் பாரில் ஏன் Fmaj7 இல்லை? மெட்டு F-இல் முடிகிறது. Fmaj7-இல் இருக்கும் E, அந்த நீண்ட F-க்குக் கீழே நிற்கும்போது முடிவு கலங்கிக் கேட்கும். F6 போட்டால் E-க்குப் பதில் D வரும், அமைதியாக முடியும். மெட்டு ரூட்டிலேயே நீண்டு நிற்கும் இடங்களில் maj7-ஐத் தவிர்த்து 6 எழுதுவது ஜாஸில் நெடுநாள் வழக்கம்.

புதிதாகக் கற்பவர் குழுவில் இருந்தால் கார்டை எளிமையாக்கலாம், ஆனால் எண்ணை உதறும் திசை சரியாக இருக்கவேண்டும். Bbmaj7-ஐ Bb ஆக்கலாம், Bb7 ஆக்கக்கூடாது. Bbm6-ஐ Bbm ஆக்கலாம், Bb ஆக்கினால் மெட்டின் Db கெட்டுவிடும். C7sus4-ஐ C7 ஆக்கினால் மேலே சொன்ன உரசல் திரும்ப வரும்.

தாளில் அமைப்பது

இந்த எட்டு பாரை A என்று வைத்து, அதை இரண்டு முறை, பிறகு B, மீண்டும் A என்று அமைத்தால் 32 பார். B இப்படி இருக்கட்டும்:

```
| Cm7 | F7 | Bbmaj7 | Bb6 |
| Dm7 | G7 | Gm7 | C7sus4 C7 |
```

முதல் A முடிந்து இரண்டாவது A தொடங்கும் இடத்தில் எட்டாம் பாரை F6, C7sus4 என்று இரண்டாகப் பிரித்தால் திரும்புவது இயல்பாக இருக்கும். கடைசி A-யில் F6 மட்டும்.

ஒரு வரிக்கு நாலு பார், அதில் மாற்றமே வேண்டாம். 32 பாருக்கு எட்டு வரி. பன்னிரண்டு ஸ்டாஃப் உள்ள தாளில் தலைப்பு, முன்னிசை, முடிவு எல்லாம் போக ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அதனால் திரும்பும் குறி எதுவும் இல்லாமல் முழுதாக எழுதிவிடுவதே என் பரிந்துரை. முதல் முடிவு, இரண்டாம் முடிவு, கோடா என்று குதிக்கவைத்தால் இடம் மிச்சமாகும், ஆனால் தாளை முதல்முறை பார்ப்பவர் தவறும் இடம் பெரும்பாலும் அந்தக் குதிப்புதான். குறி போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு வழக்கத்தை நினைவில் வையுங்கள்: D.S. போட்டுத் திரும்பிப் போன பிறகு உள்ளே இருக்கும் ரிப்பீட் எடுக்கப்படாது, நேராகக் கடைசி முடிவுக்குத்தான் போவார்கள். வேறு மாதிரி வேண்டுமானால் சொல்லால் எழுதுங்கள்.

ஒவ்வொரு பகுதியும் தாளின் இடது ஓரத்தில் புது வரியாகத் தொடங்கவேண்டும், முன்னால் இரட்டைக் கோடு, மேலே கட்டம் போட்ட A, B. யாராவது வழி தவறினால் ‘B’ என்ற ஒரு சத்தத்தில் சேர்ந்துவிடலாம்.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் பார் கோடுகள் எல்லாவற்றையும் சம இடைவெளியில் போடுங்கள். அடுத்து மெட்டு. அதற்குப் பிறகு கார்டு, அது விழும் ஸ்வரத்துக்கு நேர் மேலே. கடைசியில் பாட்டு வரி. பாட்டு வரியை முதலில் எழுதினால் நீளமான சொல் வரும் பார் வீங்கிவிடும், கார்டு அடி மாறித் தெரியும். தமிழ் வரிகளை அசை பிரித்து, ஒவ்வோர் அசையும் அதன் ஸ்வரத்தின் கீழே வரும்படி எழுதவேண்டும்.

கார்டு அடிக்கு முன்னாலேயே விழும் பாட்டுகள் உண்டு. ஐந்தாம் பாரின் Fmaj7-ஐக் குழு மொத்தமும் நாலாம் பாரின் கடைசி அரை அடியிலேயே வாசிக்கவேண்டும் என்றால், அந்த அரை அடிக்கு ஸ்வரம் எழுதி, ஐந்தாம் பாருக்கு டை போட்டு இணைத்து, கார்டை அந்த அரை அடியின் மேலேயே வையுங்கள். இது எழுதப்படாவிட்டால் டிரம்ஸ் முன்னால் விழும், பேஸ் பின்னால் விழும்.

இடது மேல் மூலையில் பாணியும் வேகமும். ‘ஸ்விங், நிமிடத்துக்கு 120 அடி’ என்றால் சமமாக எழுதியிருக்கும் அரை அடிகள் நெடிலும் குறிலுமாகப் பிரியும், நடுத்தர வேகத்தில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. போசா நோவா என்றால் அதே அரை அடிகள் சமமாகவே நிற்கும். இந்த ஒரு சொல் விடுபட்டால் ஸ்வரம் அத்தனையும் சரியாக இருந்தும் பாட்டு வேறாகிவிடும். முன்னிசை எத்தனை பார், தனி வாசிப்பு யாருக்கு எத்தனை சுற்று, முடிவில் கடைசி வரி எத்தனை முறை என்பதையும் தாளிலேயே எழுதுங்கள்.

இரண்டு பக்கமானால் ஒரே தாளின் முன்னும் பின்னும் எழுதாமல், இரண்டு தாளைப் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டுங்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் வாசிப்பதென்றால் ஸ்டாண்டின் இரு ஓரத்திலும் கிளிப் வேண்டும். மாலைக் காற்று தாளை விட்டுவைக்காது.

பாடகியின் ஸ்ருதியும் டிரம்பெட்டின் தாளும்

‘ஒரு கட்டை இறக்குங்க’ என்று பாடகி சொன்னால் உடனே தாளை மாற்றி எழுதிவிடாதீர்கள். கட்டை எண்களுக்கு இடையே இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 5-லிருந்து 4-க்கு வருவது முழு ஸ்வரம், 4-லிருந்து 3-க்கு வருவது அரை ஸ்வரம்தான். இந்தப் பாட்டு F-இல் இருக்கிறது. ஒரு கட்டை என்றால் E. முழு ஸ்வரம் என்றால் Eb, அதாவது 2½ கட்டை. இரண்டையும் கீபோர்டில் வைத்துப் பாடவைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும். இரண்டும் குரலுக்கு ஒத்துவந்தால் Eb-யே தேர்ந்தெடுங்கள். E என்றால் டிரம்பெட்காரருக்கு ஆறு ஷார்ப் உள்ள F# மேஜர் தாள் வரும். Eb என்றால் அவருக்கு ஒரே ஒரு ஃப்ளாட் உள்ள F மேஜர்.

டிரம்பெட், கிளாரினெட் இரண்டும் பொதுவாக Bb வாத்தியங்கள். அவர் C என்று படித்து வாசிப்பது நம் காதில் Bb ஆகக் கேட்கும், முழு ஸ்வரம் கீழே. ஆகவே அவருக்கான தாளை முழு ஸ்வரம் மேலே தூக்கி எழுதவேண்டும், மெட்டையும் கார்டையும் சேர்த்து. F மேஜரிலேயே வைத்துக்கொண்டால் அவருடைய A பகுதி இது:

```
| Gmaj7       | Am7   D7   | Bm7     E7(b9) | Am7     D7    |
| Gmaj7  G7/B | Cmaj7 Cm6  | G/D / D7sus4 D7 | G6           |
```

ரூட்டும் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள பேஸ் எழுத்தும் மட்டும் மாறுகின்றன. m, maj7, (b9), sus4 எதுவும் மாறாது. மாற்றி எழுதும்போது பேஸ் எழுத்தை மறப்பவர்கள் அதிகம், G7/A என்று விட்டுவிடுவார்கள். ஆல்டோ சாக்ஸ் Eb வாத்தியம், அதற்கு F மேஜர் பாட்டை D மேஜரில் எழுதவேண்டும், Fmaj7 அங்கே Dmaj7, Bbm6 அங்கே Gm6.

திசை மாறி எழுதிவிட்டோமா என்று அறிய முதல் பாரே போதும். கீபோர்டு மெட்டின் முதல் ஸ்வரமான A-யை வாசிக்கட்டும், டிரம்பெட் தன் தாளில் உள்ள முதல் ஸ்வரத்தை வாசிக்கட்டும். அது B ஆக இருந்தால் இருவரும் ஒன்றாகக் கேட்பார்கள். தாளில் G என்று இருந்தால், கீழே இறக்கி எழுதியிருக்கிறீர்கள். அது F ஆக ஒலிக்கும், இரண்டு முழு ஸ்வரம் தள்ளிக் கேட்கும். ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் ‘கீபோர்டு, C’, ‘டிரம்பெட், Bb’, ‘ஆல்டோ சாக்ஸ், Eb’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போதும் அந்த மூலை வெட்டுப்படாமல் வரவேண்டும்.